மேல் விளிம்பில் இருந்த மஞ்சள்

நான் வரைந்த படத்தைப் பார்த்து யாராவது அழகாக இருக்கிறது என்று சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு காலத்தில் அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியவள் நான். காஞ்சிபுரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களில் யாருக்கு என்ன நோய், எந்தத் தெரு, என்ன தேதி என்று பதிய வேண்டும். வாரம் ஒரு முறை கூட்டிப் பார்த்து மேலே அனுப்ப வேண்டும். மாதக் கூட்டத்துக்குப் படம் போட வேண்டும். மற்ற வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம், படம் போட மட்டும் என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

அந்த ஆண்டு நான் போட்டுக்கொண்டிருந்தது அடுக்குப் படம். ஏரியா சார்ட் என்போம். வாரங்கள் இடமிருந்து வலமாகப் போகும். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வண்ணப் பட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற விளிம்பு அந்த வாரத்தின் மொத்தம். அடியில் காய்ச்சல், அதற்கு அரக்கு நிறம். அதன் மேல் சளி இருமல், மயில் கழுத்து. அதன் மேல் வயிற்றுப்போக்கு, பச்சை. எண்ணிக்கை குறைவானதை மேலே வைப்பது வழக்கம் என்பதால் காமாலையை உச்சியில் வைத்தேன். காமாலைக்கு வேறென்ன நிறம் கொடுப்பது, மஞ்சள்தான். அச்சடித்துப் பார்த்தால் மேல் விளிம்பில் ஜரிகை இழை ஓடுவது மாதிரி இருந்தது. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் அல்லவா, நிறம் சேர்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள முடியாது என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

எங்கள் டாக்டர் அம்மாவுக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. நிலையத்துக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். காலையில் நூறு பேரைப் பார்த்துவிட்டு மதியம் கூட்டத்துக்கு ஓடுவார், சாப்பிட்டாரா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். கெட்டவர் இல்லை. நேரமில்லாதவர். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததிலிருந்து காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது. அதனால் படத்தின் மேல் விளிம்பு வாரா வாரம் கீழே இறங்கியது. பங்குனித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, வெளியூர்க் கூட்டம் வரும். இந்த நேரத்தில் இறங்குகிற படம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. கூட்டத்தில் படத்தைக் காட்டி, "மொத்தம் இறங்குது சார்" என்று டாக்டர் அம்மா சொன்னபோது பின் வரிசையில் உட்கார்ந்து நான் பெருமையோடு தலையாட்டினேன்.

இன்னொரு படமும் போட்டேன். ஜனவரியிலிருந்து அன்றுவரை வந்தவர்களை வாரா வாரம் கூட்டிக்கொண்டே போகிற படம். அதிலும் அதே அடுக்கு, அதே நிறங்கள். கூட்டுத்தொகை என்பதால் அது ஒருநாளும் இறங்காது, ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதன் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதில்தான் தெரியும். ஆயிரத்துக்கு மேல் ஏறிவிட்ட மலையின் உச்சியில் நாலு பேர் புதிதாக நின்றால் யார் கண்ணுக்குத் தெரியும்? இத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம் என்று காட்ட அது உதவியது. வேறு எதற்கும் உதவவில்லை.

இறங்குகிற படத்திலும் ஓர் இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. மாசி அமாவாசை வாரம். எல்லாப் பட்டைகளும் ஒன்றாக எழும்பி மறு வாரம் அமர்ந்திருந்தன. இது என்ன என்று கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி கேட்டார். டாக்டர் அம்மா வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கா தெரியாது? எழுந்து நின்று விளக்கினேன். நெசவாளர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. மற்ற நாட்களில் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், தலைவலி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அமாவாசை வரட்டும் என்று தள்ளிப்போடுவார்கள், அன்றைக்கு மொத்தமாக வருவார்கள். தை அமாவாசைக்கும் இதே மேடு இருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். அதிகாரி சிரித்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் இதுதான் நன்மை என்றார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எனக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அக்கா. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டாள். அக்காவும் மாமாவும் ஒரே தறியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நெய்வார்கள். கல்யாணமாகி ஆறு ஆண்டுகள் கழித்து அவளுக்குக் குழந்தை தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்ட பிறகு மாமா அவளைத் தறிக்குழியில் இறங்க விடவில்லை. அவள் சும்மா இருக்கிற ஆளா? சுவரோரம் சாய்ந்துகொண்டு குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தது.

ஒரு சாயங்காலம் போனபோது சோறு பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதெல்லாம் சகஜம் என்று நானே சொன்னேன். மறு நாளே ஆஸ்பத்திரிக்கு வா என்றதற்கு, "நாலு நாள்ல அமாவாசை வருதுமா. மாமா இந்தப் புடவைய நெய்ஞ்சு முடிச்சு தறியில இருந்து அறுத்துக்கினு வந்துடுவாரு. தனியா எங்க நடந்து வர்றது?" என்றாள். நானும் சரி என்றேன். எந்தப் பழக்கத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று பெருமையாக விளக்கினேனோ அதற்கு என் அக்காவும் உட்பட்டவள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பங்குனி அமாவாசை அன்று காலையில் நிலையத்தில் நிற்க இடமில்லை. நான் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டால் பசியில்லை, வாந்தி, உடம்பு அசதி, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. நாலாவது ஆள் அதையே சொன்னபோது நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. எழுந்து பெஞ்சுப் பக்கம் போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். எட்டு, ஒன்பது, பத்து. எல்லோரையும் எனக்குத் தெரியும். எல்லோரும் அக்கா தெருவையும் அதை ஒட்டிய தெருவையும் சேர்ந்தவர்கள். பெஞ்சின் கடைசியில் மாமாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறக்க அவளுக்கு நேரமானது. திறந்தபோது அதுவும் மஞ்சள்.

அவளை வரிசை மீறி உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் அம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், இன்று என்ன கிழமை, இவர் யார் என்று மாமாவைக் காட்டிக் கேட்டார். அக்கா யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். டாக்டர் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தண்ணீரில் பரவுகிற காமாலை மற்றவர்களைப் பெரும்பாலும் படுக்க வைத்துவிட்டு விட்டுவிடும், நிறை மாதத்தை நெருங்குகிறவளை மட்டும் கல்லீரலோடு சேர்த்துச் சாய்த்துவிடும் என்று என்னை வெளியே தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நானும் ஏறப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டா உங்க அக்கா தெருத் தண்ணிக் குழாயை யாரும்மா மூட வைப்பாங்க? இன்னிக்கும் அந்தத் தெருவுல தண்ணி விடுவாங்க. அங்க இன்னும் எத்தனை கர்ப்பிணி இருக்காங்கன்னு உனக்குத் தெரியும்."

மூன்று பேர். எனக்குத் தெரியும். அவர் முதலிலேயே தண்ணீர் விடுகிற அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார். அங்கே இருந்த அதிகாரி, போன வாரம்தான் நீங்களே கூட்டத்தில் படம் கொடுத்தீர்கள், எல்லாம் இறங்குகிறது என்றீர்கள், திருவிழா நேரத்தில் ஊருக்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னால் எப்படி என்று கேட்டிருக்கிறார். கையில் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார். ஆம்புலன்ஸ் கதவு மூடியது. மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நீ வரவில்லையா என்று அந்தப் பார்வை கேட்டது, அதற்கு நான் இன்றுவரை அவரிடம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தேன். பார்த்தால் மஞ்சள் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் இறங்கியது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், படத்தில் இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. மஞ்சள் இறங்கவில்லை. அதன் அடியில் இருந்த அரக்கு இறங்கியது, மஞ்சள் அதன் மேல் உட்கார்ந்து கூடவே கீழே வந்தது. அடுக்குப் படத்தில் தரையில் உட்கார்ந்திருப்பது அடிப்பட்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தவர் தலைமேல். விளிம்பு எங்கே போகிறது என்று பார்க்கக் கூடாது, பட்டை எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். மஞ்சளின் கனம் கூடிக்கொண்டே வந்திருந்தது. அமாவாசை மேட்டில் எல்லாப் பட்டையும் சேர்ந்து எழுந்ததால் மஞ்சள் தனியாக எத்தனை மடங்கு எழுந்தது என்று நான் பார்க்கவே இல்லை. விடுமுறைக் கூட்டம் என்று பெயர் வைத்து மூடிவிட்டேன்.

காமாலையை மட்டும் தனியாக எடுத்துத் தரையிலிருந்து ஒரு கோடு வரைந்து அச்சடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். மின்சாரம் போனது. அமாவாசையில் பராமரிப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், இன்வெர்ட்டரை விளக்குக்கும் தடுப்பூசிப் பெட்டிக்கும் மட்டும்தான் இணைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுவார்கள். காத்திருக்க முடியாது. பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். மருந்து கட்டுகிற அறையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

தண்ணீர் அதிகாரி வயதானவர். வம்புக்காரர் இல்லை, ஆனால் சுலபத்தில் அசைகிறவரும் இல்லை. என் படத்தைத்தான் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார், கூட்டத்தில் கொடுத்த பெரிய தாளில் அச்சடித்தது. மேல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தார்.

"இது நீங்க போட்டதுதானேம்மா? இறங்கிக்கினுதான இருக்குது?"

"நான் போட்டதுதான் சார். தப்பாப் படிக்கிற மாதிரி போட்டுட்டேன்" என்றேன். அவரைக் கேட்காமலேயே தாளை என் பக்கம் இழுத்தேன். கத்தரிக்கோலால் வாரக் கோடுகளின் மேல் நெடுக வெட்டினேன். பிறகு ஒவ்வொரு துண்டிலிருந்தும் மஞ்சள் பகுதியை மட்டும் நறுக்கினேன். அரக்கும் மயில் கழுத்தும் பச்சையும் தரையில் விழுந்தன. மேஜையில் ஒரு ஸ்கேலை வைத்து, மஞ்சள் துண்டுகளை அதன்மேல் வரிசையாக நிற்க வைத்தேன், எல்லாவற்றுக்கும் ஒரே தரை இருக்கும்படி. தையில் துண்டே இல்லை, விளிம்புக் கோட்டின் நூல்தான். தை அமாவாசைக்கு ஒரு மெல்லிய கீற்று. மாசி அமாவாசைக்கு அதைப் போல நாலு மடங்கு. அதற்கடுத்த வாரங்களில் தாழ்ந்தது, ஆனால் பழைய நூலுக்குத் திரும்பவில்லை. கடைசியில் பதிவேட்டைத் திறந்து அன்று காலையில் வந்த பதினோரு பேரையும் தெருவோடு காட்டினேன். படத்தின் அதே அளவுகோலின்படி வெற்றுத்தாளில் ஒரு துண்டு வெட்டி வரிசையின் கடைசியில் வைத்தேன். அது என் விரல் அகலத்துக்கு இருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்தார். அமாவாசைக் கூட்டம்தானே என்று அவரும் கேட்டார், உள்ளூர்க்காரர். அமாவாசையை அமாவாசையோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், தைக்கு ஒன்று, மாசிக்கு நாலு, இன்றைக்குப் பதினொன்று, காய்ச்சல் இதே மூன்று அமாவாசையில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்றேன். பதினொன்றில் ஒன்று என் அக்கா என்றேன். அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து போனை எடுத்தார்.

அன்றைக்கு அந்தத் தெருவுக்கான வால்வைத் திறக்கவில்லை. லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். மறு நாள் தோண்டிப் பார்த்தபோது குழாயின் ஓர் இணைப்பு சாக்கடைக்குள் முழுகிக் கிடந்தது, இணைப்பில் கசிவு. தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று கர்ப்பிணிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மூவரும் பிறகு நல்லபடியாகப் பெற்றெடுத்தார்கள். டாக்டர் அம்மா என்னைப் பாராட்டி எழுதினார். அந்தத் தாளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

அன்று வால்வைத் திறக்கமாட்டார்கள் என்பது உறுதியானதும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். கிருமி உடம்புக்குள் போய்க் கண் மஞ்சளாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். அப்படியானால் அக்கா அந்தத் தண்ணீரைக் குடித்தது மாசி அமாவாசையை ஒட்டி. அல்லது அதற்குச் சில நாள் பிறகு. அந்த வாரக் கணக்கை, விடுமுறைக் கூட்டம்தான் என்று நான் மேலே அனுப்பியது மாசி அமாவாசைக்கு மூன்றாம் நாள். சில நாள் முன்னாலா, சில நாள் பின்னாலா? திரும்பத் திரும்ப விரல் விட்டு எண்ணினேன். முன்னால் என்றால் நான் எதுவும் செய்திருக்க முடியாது. பின்னால் என்றால் முடியும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. பெண் குழந்தை. அக்காவுக்கு நினைவு இல்லை. பிழைப்பாளா என்று கேட்டதற்கு நாளைக்குக் கேளுங்கள் என்றார்கள். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். ஆறு நாள் அப்படி இருந்தோம். கடவுளே என்று கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஏழாம் நாள் அவள் கண் திறந்து மாமா எங்கே என்று கேட்டாள். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மெலிந்து போய்ப் பாயில் கிடந்தாள். தெருவில் பேசிக்கொண்டது அவள் காதுக்கு வந்திருக்கிறது. நான் கத்தரிக்கோலோடு போய்க் குழாயை மூட வைத்ததைப் பெரிய சாதனையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீதான எழுதிக்கினு இருந்த. உனக்கு முன்னாடியே தெரியாதாமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"இருந்துச்சுக்கா. நான் வரைஞ்சதுலயே இருந்துச்சு. ஒரு மாசமா இருந்துச்சு. நான் பார்க்கல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள், நான் கொடுத்த எதையும் என்ன ஏது என்று கேட்டவளில்லை. டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"காய்ச்சினதா?" என்று கேட்டாள்.

காய்ச்சியதுதான். சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடித்தாள். மாமா கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடுகிறாள். என்னிடம் மட்டும் இப்போதும் கேட்கிறாள்.